அப்பாவுக்கு மூணாவது தடவை வந்த காய்ச்சல்

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே கிடந்த பதிவு இது. எழுதினா குடும்ப மானம் போகும்னு அம்மா சொன்னாங்க. மானம் போனது கோர்ட்லதான், பதிவுல இல்லைன்னு சொல்லி சமாதானப்படுத்திட்டு எழுதறேன். :-)

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, நான் வக்கீல் இல்லை. பொழுதுக்கும் பக் ஃபிக்ஸ் பண்ற சாதாரண பொட்டி தட்டுற ஆளு. ஆனா கடந்த சில வருஷமா அப்பா கூட கோர்ட்டுக்கு அலைஞ்சதுல ஒரே ஒரு விஷயம் மட்டும் நல்லாவே புரிஞ்சது. உடம்பு சரியில்லாதவர் "இன்னைக்கு நேர்ல வர முடியலை, மன்னிக்கணும்"னு மாஜிஸ்ட்ரேட்டுக்கு எப்படி மனு போடணும், எப்படிப் போடக்கூடாது என்பதுதான் அது. அதைப் பத்தி எனக்குன்னு ஒரு கருத்தும் இருக்கு. கடைசியில சொல்றேன்.

கதைச் சுருக்கம்: அப்பா ஒருத்தருக்குக் கொடுத்த செக் ஒண்ணு பேங்க்ல திரும்பிடுச்சு. அது யார் தப்பு, பணம் கொடுக்கணுமா வேண்டாமா என்பதெல்லாம் இன்னும் கோர்ட்ல இருக்கு, அதைப் பத்தி இங்க பேசப் போறதில்லை. 2023-ல வழக்குப் போட்டாங்க. செக் வழக்கை, பணம் வாங்க வேண்டியவரோட பேங்க் கிளை எங்க இருக்கோ அந்த ஊர் கோர்ட்லதான் நடத்தணும். அதனால வழக்கு எங்க ஊர்ல இல்லாம, 110 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊர்ல. காலைல அஞ்சரை மணி பஸ்ஸைப் பிடிச்சாத்தான் பத்தரைக்கு உள்ளே உட்கார முடியும். அப்பாவுக்கு வயசு 63.

கோர்ட் பாஷையில குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பேரு "எதிரி". முதல் தடவை "எதிரி..."ன்னு அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டப்ப அவர் எழுந்திருக்கவே இல்லை. யாரோ எதிர்க்கட்சிக்காரரைக் கூப்பிடறாங்கன்னு நினைச்சுக்கிட்டாராம்! அன்னைக்கு ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுத்தாச்சு. சித்தப்பாவும் அவரோட நண்பர் ஒருத்தரும் ஜாமீன்தாரர்கள். "ஒவ்வொரு வாய்தாவுக்கும் இவர் வந்து நிப்பார், நாங்க பொறுப்பு"ன்னு கையெழுத்து. இந்தக் கையெழுத்தை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

அதுக்கப்புறம் மாசா மாசம் வாய்தா. பாதி நாள் ஒண்ணுமே நடக்காது. நீதிபதி லீவு, எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேற கோர்ட்ல வேலை, இப்படி ஏதாவது. அஞ்சு மணி நேரம் உட்கார்ந்துட்டு அடுத்த தேதியை வாங்கிட்டு வரணும். அப்பதான் எங்க வக்கீலோட குமாஸ்தா அண்ணன் ஒரு மந்திரத்தைச் சொல்லிக் கொடுத்தார். "ஏன் சார் சும்மா அலையறீங்க? முன்னாடியே ஒரு போன் போட்டுச் சொல்லுங்க, 317 போட்டுக்கலாம்."

317-ன்னா பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 317-வது பிரிவு. அந்த வாய்தாவுக்கு எதிரி நேர்ல வர்றதை மன்னிக்கச் சொல்லிப் போடற மனுவுக்கு கோர்ட் வளாகத்துல அதுதான் பேரு. 2024 ஜூலை 1-ல இருந்து புதுச் சட்டம் வந்துடுச்சு, அதுல இது 355-வது பிரிவு. ஆனா அந்தத் தேதிக்கு முன்னாடியே நடந்துக்கிட்டிருந்த விசாரணைகள் பழைய சட்டப்படியே தொடரும். எங்க வழக்கு அந்த ரகம். புது வழக்குக்குப் போடறப்பகூட "ஒரு 317 போடு"ன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. பழக்கதோஷம்.

முதல் 317 போட்டது ஒரு வளைகாப்புக்காக. அத்தைப் பொண்ணோடது, அப்பா போகாம இருக்க முடியாது. மனுவுல என்ன எழுதியிருந்ததுன்னு அன்னைக்கு நாங்க கேட்கக்கூட இல்லை. அப்புறம் பார்த்தா, "எதிரிக்குக் கடுமையான காய்ச்சல்." மனு அனுமதிக்கப்பட்டது. ரெண்டாவது தடவை, பஸ் ஸ்ட்ரைக் வரும்னு ஒரு வதந்தி. அதுக்கும் ஒரு 317. அதுலயும் காய்ச்சல்தான். அந்த மனு ஒரே அச்சுல வார்த்தது மாதிரி இருக்கும். பேரு, வழக்கு நம்பர், தேதி மட்டும் பேனாவால எழுதணும், நோய்கூட ஏற்கெனவே அச்சடிச்சிருக்கும்! மருத்துவச் சான்று எதுவும் இல்லை. வக்கீல் கையெழுத்து மட்டும். அதுவும் அனுமதிக்கப்பட்டது. "பரவாயில்லையே, சிஸ்டம் நல்லா வேலை செய்யுதே"ன்னு நான்கூட நினைச்சேன்.

மூணாவது தடவை அப்பாவுக்கு நிஜமாவே காய்ச்சல் வந்துச்சு.

2024 நவம்பர். ரெண்டு நாளா உடம்பு அனலாக் கொதிச்சுது. 11-ஆம் தேதி திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில சேர்த்தோம். டெங்கு. தட்டணுக்கள் எண்ணிக்கை 48,000-னு ரிப்போர்ட் வந்துச்சு. சாதாரணமா ஒண்ணரை லட்சத்துக்கு மேல இருக்கணும். டாக்டர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே கூடாதுன்னுட்டார். 13-ஆம் தேதி புதன்கிழமை வாய்தா. நான் பெங்களூர்ல இருந்து ராத்திரி பஸ் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருந்தேன். போற வழியிலயே குமாஸ்தா அண்ணனுக்குப் போன். "அண்ணே, அப்பாவுக்கு டெங்கு, அட்மிட் ஆகியிருக்கார்." அவர், "கவலைப்படாதீங்க தம்பி, 317 போட்டுடறேன்"னார். அவ்வளவுதான். ரிப்போர்ட் வேணுமான்னு நானும் கேட்கலை, அனுப்புங்கன்னு அவரும் சொல்லலை. அது வழக்கமா நடக்கற விஷயம்தானே.

மதியம் வக்கீல் சார் போன் பண்ணினார். மனு தள்ளுபடி. பிடிவாரண்ட் போட்டாச்சு. என்.பி.டபிள்யூ.

ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுக்கிட்டு அதைக் கேட்டப்ப எனக்குக் கோபம்தான் வந்துச்சு. உள்ளே டிரிப்ஸ் ஏறிக்கிட்டிருக்கற மனுஷனைப் பிடிச்சுட்டு வரச் சொல்லி உத்தரவா? என்ன நியாயம் இது? உச்ச நீதிமன்றம் 2007-ல இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்குல, எடுத்த எடுப்புல பிடிவாரண்ட் போடக்கூடாது, முதல்ல சம்மன், அப்புறம் ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட், அதுக்கும் வராதவருக்குத்தான் இதுன்னு சொல்லியிருக்கேன்னு அன்னைக்கு ராத்திரியே நெட்ல தேடிப் படிச்சு வக்கீலுக்குப் போன் போட்டு வாதாடினேன். அவர் பொறுமையா எல்லாத்தையும் கேட்டார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, கட்டுல அப்பாவோட பழைய 317 ரெண்டு இருக்கு. ரெண்டுலயும் காய்ச்சல். இன்னைக்கு மூணாவது காய்ச்சல், ஒரு துண்டுக் காகிதம் கூட இணைக்கலை. நீங்க அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தா என்ன பண்ணுவீங்க?"

பதில் சொல்ல முடியலை மக்களே. எங்க ஆபீஸ்ல ராத்திரி சர்வர் அலர்ட் வரும். தினமும் சும்மா சும்மா கத்தற அலர்ட்டை நாங்களே மியூட் பண்ணி வெச்சுடுவோம். ஒரு நாள் நிஜமாவே சர்வர் படுத்தப்பவும் அந்த அலர்ட் கத்தியிருக்கு, ஒருத்தரும் பார்க்கலை. அப்பாவோட காய்ச்சலை மாஜிஸ்ட்ரேட் மியூட் பண்ணலை. நாங்கதான் பண்ணினோம், வளைகாப்பு அன்னைக்கே.

சித்தப்பாவுக்கும் நோட்டீஸ் வந்துச்சு. "நீங்க ஜாமீன் கொடுத்த ஆள் வரலை, பத்திரத் தொகையை ஏன் உங்ககிட்ட வசூலிக்கக் கூடாது"ன்னு. அவர் எங்களை ஒரு வார்த்தை கேட்கலை. அதுதான் இன்னும் சங்கடம்.

16-ஆம் தேதி டிஸ்சார்ஜ். 20-ஆம் தேதி வாரண்டை ரத்து பண்ணச் சொல்லி மனு. சட்டத்துல அந்த உத்தரவைப் போட்ட கோர்ட்டே அதை ரத்து பண்ணலாம்னு இருக்கு. ஆனா நடைமுறையில எதிரி நேர்ல வந்து நிக்கணும்னுதான் பெரும்பாலும் எதிர்பார்ப்பாங்க. அதாவது உடம்பு சரியில்லாததால வர முடியலைன்னு சொல்றதுக்கே, உடம்பு சரியில்லாத ஆளைக் கூட்டிட்டுப் போகணும். வாடகைக் கார்ல பின் சீட்ல படுக்க வெச்சுக் கூட்டிட்டுப் போனேன். கூண்டுல ஏறி நிக்கறப்ப அப்பாவோட கை நடுங்குச்சு. மாஜிஸ்ட்ரேட் அம்மா டிஸ்சார்ஜ் சம்மரியை நிதானமா ரெண்டு பக்கமும் திருப்பிப் படிச்சாங்க. அப்புறம் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்து, "இதை அன்னைக்கே ஏன் வைக்கலை?"ன்னு கேட்டாங்க. குரல்ல கோபம் இல்லை. அப்பா பதில் சொல்லலை. வாரண்ட் ரத்தாச்சு. வெளியே வந்து மரத்தடியில உட்கார்ந்துக்கிட்டு அப்பா சொன்னார், "டேய், அந்தம்மா திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்டா."

அன்னைக்கு ராத்திரிதான் அந்தப் பிரிவை முழுசா உட்கார்ந்து படிச்சேன். படிச்சப்புறம்தான் ஒரு விஷயம் உறைச்சுது. என் கருத்துன்னு சொன்னேனே, அது இதுதான்.

317, புதுச் சட்டத்துல 355, வாய்தா கேட்கறதுக்கான பிரிவா எழுதப்படலை. அது சொல்றது வேற. எதிரி நேர்ல இருக்கணும்கறது அன்னைக்கு நீதிக்குத் தேவையில்லைன்னு மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தோணினா, எதிரிக்கு வக்கீல் இருந்தா, காரணத்தை எழுதி வெச்சுட்டு, எதிரி இல்லாமலேயே விசாரணையை நடத்தலாம். பின்னாடி எப்ப வேணும்னாலும் நேர்ல வரச் சொல்லலாம். கவனிங்க, "நடத்தலாம்." நிறுத்தலாம்னு இல்லை. எதிரிக்கு வக்கீல் இல்லைன்னாலோ, அவர் வந்தே ஆகணும்னு கோர்ட் நினைச்சாலோதான் தள்ளி வைக்கற பேச்சே வருது.

நாம எல்லாரும் சேர்ந்து இதைத் தலைகீழா ஆக்கி வெச்சிருக்கோம். மனு போட்டா அன்னைக்கு ஒண்ணும் நடக்காது, தேதி தள்ளிப் போகும். எதிரிக்குச் சந்தோஷம், வக்கீலுக்கு ஒரு வேலை குறைஞ்சது, கோர்ட்டுக்கும் பட்டியல்ல ஒரு வழக்கு கழிஞ்சது. சாட்சி சொல்ல வந்த ஆள் மட்டும் திரும்பிப் போவார். அதனாலதான் உடம்பு சரியில்லைன்னு சொன்னாலே "இழுத்தடிக்கிறான்"னு தோணுது. சந்தேகம் நோய் மேல இல்லை, அந்த நோயால கிடைக்கற லாபத்து மேல. லாபத்தை விட்டுக் கொடுத்தா சந்தேகமும் போயிடும். "நான் வர முடியாது, ஆனா என்னால வழக்கு நிக்க வேண்டாம், என் வக்கீல் இருக்கார், நடத்துங்க"ன்னு சொல்ற மனுவை யாரும் லேசுல சந்தேகப்பட மாட்டாங்க.

சும்மா தியரி பேசலை. அடுத்த தடவை செஞ்சு பார்த்தோம்.

2025 ஜூன். அப்பாவுக்குக் குடலிறக்கம், ஹெர்னியா. 9-ஆம் தேதி திங்கட்கிழமை ஆபரேஷன்னு முடிவாச்சு. 12-ஆம் தேதி வியாழக்கிழமை வாய்தா. அன்னைக்கு எதிர்த்தரப்பை எங்க வக்கீல் குறுக்கு விசாரணை பண்ற நாள். இந்தத் தடவை போன்ல முடிக்கலை. டாக்டர்கிட்ட நானே போய் உட்கார்ந்தேன்.

டாக்டர் முதல்ல எழுதிக் கொடுத்த சான்று, "இவருக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டுள்ளது, மூன்று வாரம் ஓய்வு தேவை." நல்ல சான்றுதான், ஆபீஸ் லீவுக்குப் போதும். கோர்ட்டுக்குப் பத்தாது. ஏன்னா மாஜிஸ்ட்ரேட்டோட கேள்வி "இவருக்கு என்ன நோய்" என்பது இல்லை. "இந்தத் தேதியில இவரால ஏன் இங்க வர முடியாது" என்பதுதான். சர்க்கரை வியாதி நிஜமான நோய்தான், ஆனா சர்க்கரை வியாதி இருக்கறவர் கோர்ட்டுக்கு வரலாம். அதனால டாக்டர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். "சார், 110 கிலோமீட்டர் பஸ்ல போகணும், அங்க பெஞ்சுல அஞ்சு மணி நேரம் உட்காரணும்." அவர் சிரிச்சுக்கிட்டே ஒரு வரி சேர்த்தார். "30.06.2025 வரை நீண்ட தூரப் பயணமும் தொடர்ந்து உட்கார்ந்திருப்பதும் தவிர்க்கப்பட வேண்டும்." அந்த ஒரு வரிதான் முழு மனுவோட உயிர்.

சான்றுல வேற என்ன பார்க்கணும்னா, பரிசோதிச்ச தேதி, டாக்டரோட பதிவு எண், முத்திரை, நோயாளியோட அடையாளக் குறி. 2002-ல வந்த மருத்துவர் ஒழுங்குமுறை விதிகள்ல, கொடுக்கற சான்றுக்கெல்லாம் டாக்டர் ஒரு ரெஜிஸ்டர் வெச்சிருக்கணும், நகல் வெச்சிருக்கணும், நோயாளியோட அடையாளக் குறியை எழுதணும்னு இருக்கு. நூறு ரூபாய்க்குக் கிடைக்கற சான்றுல இதுல பாதி இருக்காது. சந்தேகம் வந்தா கோர்ட் அந்த டாக்டரையே ரெஜிஸ்டரோட வரச் சொல்லலாம். அப்ப நோய் யாருக்கு வரும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹி ஹி.

அதே சமயம் மொத்த மெடிக்கல் ஃபைலையும் கொண்டு போய்க் கொட்ட வேண்டாம். கோர்ட் கட்டுல சேர்ந்ததை எதிர்த்தரப்பும் பார்க்கலாம். நாங்க அட்மிஷன் சீட்டோட நகல், அந்தச் சான்று ரெண்டு மட்டும்தான் வெச்சோம்.

அடுத்தது உறுதிமொழி. வழக்கமான மனுவுல கடைசி வரி, "அடுத்த வாய்தாவில் தவறாமல் ஆஜராவேன்." இதுல ஒரு கண்ணிவெடி இருக்கு. டாக்டர் மூணு வாரம் ஓய்வுன்னு சொல்றார். கோர்ட் அடுத்த வாய்தாவைப் பத்து நாள்ல போட்டா? சொன்ன சொல்லைக் காப்பாத்த முடியாது, இன்னொரு மனு போடணும், "போன தடவை எழுதிக் கொடுத்தியே"ன்னு அதே காகிதத்தைக் காட்டுவாங்க. உறுதிமொழிங்கறது மரியாதைக்கு எழுதற வாசகம் இல்லை, கட்டுல உட்கார்ந்திருக்கப் போற சாட்சி. அதனால காப்பாத்த முடிஞ்ச தேதியை மட்டும்தான் எழுதணும். அதையும் வக்கீல் வாயால இல்லாம, அப்பாவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், ஆபரேஷனுக்கு முந்தின நாள்.

எங்க மனு கடைசியில இப்படி வந்துச்சு. பேரு, நம்பரையெல்லாம் எடுத்துட்டுப் போடறேன்:

"கனம் நீதித்துறை நடுவர் அவர்கள் சமூகத்திற்கு, எதிரி தாக்கல் செய்யும் மனு.

1. மனுதாரர் இவ்வழக்கின் எதிரி. வழக்கு இன்று முறையீட்டாளர் தரப்பு முதல் சாட்சியின் குறுக்கு விசாரணைக்காக உள்ளது.

2. மனுதாரருக்கு 09.06.2025 அன்று குடலிறக்க அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டு உள்நோயாளியாக இருந்துள்ளார். 30.06.2025 வரை நீண்ட தூரப் பயணம் கூடாது என மருத்துவர் அறிவுறுத்தியுள்ளார். அனுமதிச் சீட்டின் நகலும் மருத்துவச் சான்றும் இணைக்கப்பட்டுள்ளன.

3. மனுதாரரின் வழக்கறிஞர் இன்று ஆஜராகியுள்ளார். மனுதாரர் இல்லாத நிலையில், வழக்கறிஞர் முன்னிலையில் சாட்சியம் பதிவு செய்வதில் மனுதாரருக்கு ஆட்சேபணை இல்லை. தான்தான் இவ்வழக்கின் எதிரி என்பதையும் மறுக்கவில்லை.

4. 30.06.2025-க்குப் பிறகு இந்நீதிமன்றம் குறிக்கும் எந்தத் தேதியிலும் நேரில் ஆஜராவதாக மனுதாரர் உறுதி கூறுகிறார். அவர் கையொப்பமிட்ட உறுதிமொழி இணைக்கப்பட்டுள்ளது.

எனவே இன்று ஒரு நாள் மட்டும் மனுதாரர் நேரில் ஆஜராவதிலிருந்து விலக்களித்து, வழக்கை மேற்கொண்டு நடத்த உத்தரவிடுமாறு பிரார்த்திக்கப்படுகிறது."

மூணாவது பத்தியைப் பாருங்க. அதை நாங்களா கண்டுபிடிக்கலை. சாட்சியத்தை எதிரி முன்னாடிதான் பதிவு பண்ணணும் என்பது பொது விதி. நேர்ல வர்றதுக்கு விலக்குக் கொடுத்திருந்தா வக்கீல் முன்னாடி பதிவு பண்ணலாம். பின்னாடி "நான் இல்லாதப்ப நடந்தது செல்லாது"ன்னோ, "அந்த எதிரி நானே இல்லை"ன்னோ வம்பு பண்ண மாட்டேன்னு எதிரி எழுதிக் கொடுத்தா கோர்ட்டுக்குக் கவலை இல்லை. 2001-ல பாஸ்கர் இண்டஸ்ட்ரீஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட இதே உறுதிகளைத்தான் கேட்டுச்சு. அதுவும் ஒரு செக் வழக்குதான் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

12-ஆம் தேதி காலைல கூப்பிட்டதுமே வக்கீல் மனுவைக் கொடுத்தார். எதிர்த்தரப்பு வக்கீல் வழக்கம்போல "இழுத்தடிக்கிறாங்க"ன்னு எழுந்தார். எங்க வக்கீல், "குறுக்கு விசாரணைக்கு நான் ரெடி யுவர் ஆனர், இப்பவே ஆரம்பிக்கலாம்"னார். அவ்வளவுதான். எதிர்த்தரப்புக்குச் சொல்ல ஒண்ணும் இல்லை. மனு அனுமதி. விசாரணை அன்னைக்கே நடந்துச்சு. அடுத்த தேதி ஜூலை 4, வெள்ளிக்கிழமை. அப்பா வயித்துல பெல்ட் கட்டிக்கிட்டு, அஞ்சரை மணி பஸ்ஸுக்கு அஞ்சு மணிக்கே போய் நின்னுட்டார். பேரைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே எழுந்தும் நின்னுட்டாராம். :-)

இதுக்கும் எல்லை இருக்கு. எல்லா நாளும் இது செல்லாது. சாட்சி எதிரியை அடையாளம் காட்ட வேண்டிய நாள், சாட்சியங்களைப் பத்தி கோர்ட் எதிரியையே கேள்வி கேட்கற நாள், தீர்ப்பு நாள், இதுலயெல்லாம் நேர்ல வரச் சொல்ல நியாயம் இருக்கு. அன்னைக்கு நிஜமாவே படுக்கையில கிடந்தா, "நடத்துங்க"ன்னு சொல்லி முடியாது, தேதிதான் கேட்கணும். அப்ப சான்று இன்னும் பலமா இருக்கணும். புதுச் சட்டத்து 355-ல வீடியோ மூலமா ஆஜராவதும் நேர்ல ஆஜராவதுதான்னு விளக்கமே சேர்த்திருக்காங்க. ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருக்கறவருக்கு அது பெரிய வரம்.

இன்னொண்ணு, ஒரு நாள் காய்ச்சலுக்கும் தீராத நோய்க்கும் ஒரே மருந்து இல்லை. வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் பண்றவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் 317 போட்டுக்கிட்டே இருந்தா, கட்டு தடிமனாகுமே தவிர நம்பிக்கை வளராது. அவங்களுக்கு வேற பிரிவு இருக்கு. பழைய சட்டத்துல 205, புதுசுல 228. கோர்ட் கூப்பிடற நாள் தவிர மத்த நாளெல்லாம் வக்கீல் மூலமா ஆஜராக மொத்தமா அனுமதி கேட்கறது. "எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சா 110 கிலோமீட்டரைக் காட்டி அதைக் கேட்டிருக்கலாமே"ன்னு வக்கீல்கிட்ட கேட்டேன். "கேட்டிருக்கலாம் தம்பி. இப்ப கட்டுல வாரண்ட் ஒண்ணு இருக்கே"ன்னார். திரும்பவும் அந்த வளைகாப்பு!

சரி, இப்ப யாரைக் குறை சொல்றது? மாஜிஸ்ட்ரேட்டுகள் எடுத்ததும் பிடிவாரண்ட் போடறது சரியில்லைன்னு இன்னும் நினைக்கறேன். "நாளைக்குள்ள சான்று கொண்டு வா"ன்னு ஒரு நாள் கொடுத்திருந்தா, டெங்கு வந்த மனுஷன் கூண்டுல ஏறி நடுங்கியிருக்க வேண்டாம். அதை விட்டுக் கொடுக்க மாட்டேன். ஆனா அச்சடிச்ச காய்ச்சலை விக்கற நாம, நம்பலைன்னு கோர்ட்டைத் திட்டறதுல அர்த்தம் இல்லை. வளைகாப்புக்குப் போகணும்னா "குடும்ப நிகழ்ச்சி, இன்னைக்கு என் வக்கீலை வெச்சு நடத்துங்க"ன்னே எழுதலாம். சட்டத்துல நோய்தான் காரணமா இருக்கணும்னு எங்கயும் இல்லை. கேட்டுக் கிடைக்கலைன்னா போயிட்டு வரலாம், இல்லை வளைகாப்புக்குப் போகாம இருக்கலாம். நோயைத் தொட வேண்டாம். அது ஒரு நாள் நிஜமாவே தேவைப்படும்.

அப்பா இப்ப குமாஸ்தா அண்ணனுக்கு ஒரு கண்டிஷன் போட்டிருக்கார். "என் பேர்ல என்ன மனு போட்டாலும் போடறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சுக் காட்டணும்." போன மாசம் அண்ணன் போன்ல, "சார், வாய்தா அன்னைக்கு ஒண்ணும் நடக்காது, ஒரு 317 போட்டுக்கவா?"ன்னு கேட்டிருக்கார். அப்பா, "எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு"ன்னு சொல்லிட்டு அஞ்சரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பிட்டார்.

டிஸ்கி 1: இது ஒரு மகனோட அனுபவம், சட்ட ஆலோசனை இல்லை. உங்க வழக்குக்கு உங்க வக்கீலைக் கேளுங்க. ஆனா அவர் போடற மனுவை வாங்கிப் படிங்க.

டிஸ்கி 2: வக்கீல் பதிவர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தா, உங்க கோர்ட்ல சான்று கொண்டு வர ஒரு நாள் டைம் கொடுக்கறாங்களா, இல்லை நேரா வாரண்டான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. தப்பா எழுதியிருந்தா திட்டுங்க. அப்பா சொன்ன மாதிரி, திட்டினா நல்லாத்தான் இருக்கும்.